சர்ஜன் சி.வி.யை அடுக்குவது எப்படி: பதிவு எண் முதல் ‘தனியாகச் செய்தது’ வரை

எம்.எஸ். முடித்து, பாண்ட் பணியும் முடியும் தருவாயில் இருக்கும் ஒரு ஜெனரல் சர்ஜன் கோவையிலோ திருச்சியிலோ ஒரு தனியார் மருத்துவமனைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை அவருக்காக எழுதியது. மற்ற துறைக்காரர்கள் சிகிச்சைகளின் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், அடுக்கு ஒன்றுதான். எம்.ஆர்.பி. வழியாக அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் பெரிய பயன் இல்லை. அங்கே இணையப் படிவம், தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று வழி வேறு. தனியார் மருத்துவமனை, ஃபெலோஷிப், வெளிநாட்டு வேலை ஆகியவற்றுக்குத்தான் சி.வி. பேசும்.

சி.வி.யை ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள். ஆனால் எதை எங்கே வைப்பது, எதை விடுவது என்ற யோசனையைத் தமிழிலேயே செய்து முடித்துவிடலாம்.

முதலில் அதை யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆள் எடுக்கும் குழுவில் பல வருடங்களாக உட்காருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் சி.வி. இரண்டு மேசைகளுக்குப் போகிறது. ஒன்று ஹெச்.ஆர். மேசை. அங்கே இருப்பவர் டாக்டர் இல்லை. பதிவு எண் இருக்கிறதா, தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே போவார். இன்னொன்று துறைத்தலைவரின் மேசை. அவருக்கு ஒரே கேள்விதான்: இரவு இரண்டு மணிக்கு வயிற்று வலியோடு ஒரு நோயாளி வந்தால், இவரை நம்பி நான் வீட்டில் தூங்கலாமா? முதல் பக்கம் ஹெச்.ஆருக்கும், சிகிச்சை அட்டவணை துறைத்தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் மூன்று பக்கம் போதும்.

பெயரும் தலைப்பும்

நம் ஊரில் முதல் சிக்கலே இனிஷியலில்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், எம்.பி.பி.எஸ். பட்டத்தில் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஜர்னல் கட்டுரையில் அப்பா பெயரே உங்கள் குடும்பப் பெயராகியிருக்கும். நான்கையும் பார்க்கும் ஹெச்.ஆர். ஊழியருக்கு இவர்கள் நான்கு பேர்.

மெடிக்கல் கவுன்சில் பதிவில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதே பெயரைத் தலைப்பில் போடுங்கள். மற்ற வடிவங்கள் இருந்தால் அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: “பாஸ்போர்ட்டிலும் வெளியீடுகளிலும் பெயர் இவ்வாறு இருக்கும்.” இந்த ஒரு வரி இல்லாததால் பின்னணிச் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். போதும். சங்கங்கள் தரும் ஃபெலோஷிப் எழுத்துகளைப் பட்டம்போலத் தொடர்ந்து கோக்காதீர்கள். மூன்று நாள் பயிற்சியும் ஒரு தேர்வும் எழுதி வாங்கியதை மூன்று வருடப் பட்டத்தோடு ஒரே வரியில் பார்த்தால் மூத்த சர்ஜன்கள் முகம் சுளிப்பார்கள். அவற்றுக்குப் பயிற்சிகள் பகுதியில் இடம் உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளும் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களையும், தொழிலறிவைத் தரும் அல்லது தனிச்சிறப்பை அங்கீகரிக்கும் சான்றிதழ்களையும் உறுப்பினர் தகுதிகளையும் மட்டுமே பெயரோடு சேர்க்க அனுமதிக்கின்றன.

தலைப்பில் கைபேசி எண், மின்னஞ்சல், இப்போது இருக்கும் ஊர், எப்போது சேர முடியும் என்ற தேதி. அவ்வளவுதான். அப்பா பெயர், சாதி, மதம், திருமண நிலை, ஆதார் எண் எதுவும் வேண்டாம். பயோடேட்டா காலத்துப் பழக்கம் அது. ஆதார் எண்ணைப் பத்து மருத்துவமனைகளின் மின்னஞ்சல் பெட்டிகளில் விட்டுவைப்பது நல்லதும் அல்ல.

பதிவுகள்: முதல் பக்கத்தின் மேல்பாதியில்

பலர் இதைக் கடைசிப் பக்கத்தில் ‘இதர விவரங்கள்’ என்று தள்ளிவிடுகிறார்கள். பதிவு இல்லாமல் உங்களால் ஒரு மருந்துச்சீட்டுகூட எழுத முடியாது. கல்வித் தகுதிக்கு அடுத்தபடியாக இதுதான் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் இது இரண்டு அடுக்கு. சி.ஆர்.ஆர்.ஐ. முடித்தபின் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் வாங்கிய நிரந்தரப் பதிவு முதலாவது. எம்.எஸ். பட்டத்தை அதே எண்ணின் கீழ்க் கூடுதல் தகுதியாகச் சேர்த்தது இரண்டாவது. இரண்டாவதைச் செய்யாமலே வேலை தேடி வருகிறவர்கள் அதிகம். பட்டம் கையில் இருந்தால் போதும் என்ற நினைப்பு. கவுன்சில் பதிவேட்டில் எம்.எஸ். ஏறாதவரை மருத்துவமனையின் கோப்பில் நீங்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்தான், சர்ஜன் என்று நியமன உத்தரவு அடிக்க ஹெச்.ஆர். தயங்குவார்.

எழுதும் முறை இப்படி:

தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில், நிரந்தரப் பதிவு எண் (முழு எண்), பதிவான தேதி: ஏப்ரல் 2019.
கூடுதல் தகுதி: எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி, பதிவான தேதி: செப்டம்பர் 2023.
புதுப்பித்தல்: இந்தத் தேதிவரை செல்லும்.

கூடுதல் தகுதிக்கு விண்ணப்பித்து இன்னும் வரவில்லை என்றால், விண்ணப்பித்த தேதியையும் ‘நிலுவையில்’ என்ற சொல்லையும் அப்படியே எழுதுங்கள். பதிவாகிவிட்டதுபோல எழுதினால், கவுன்சில் இணையதளத்தில் உங்கள் எண்ணைத் தட்டிப் பார்க்கும் ஊழியருக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். சி.வி.யை அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை அங்கே தேடிப் பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை, பிறந்த தேதி மாறியிருப்பது போன்றவை அப்போதுதான் கண்ணில் படும்.

வேறு மாநிலத்தில் படித்துப் பதிவு செய்தவர்கள் தமிழ்நாட்டில் வேலை பார்க்க வந்தால், பழைய கவுன்சிலின் என்.ஓ.சி., இங்கே புதிதாகப் பெற்ற பதிவு என இரண்டு வரிகளும் வேண்டும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எஃப்.எம்.ஜி.இ. தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும், இந்தியாவில் இன்டர்ன்ஷிப் செய்த மருத்துவமனையும் சேர்க்க வேண்டும். கேட்காமலே எழுதிவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

சி.எம்.இ. கிரெடிட்டுக்கு ஒரு வரி போதும். ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் என்பது 2002 விதிகளில் இருக்கும் கணக்கு. கலந்துகொண்ட ஒவ்வொரு கருத்தரங்கையும் பட்டியலிட்டு ஒரு பக்கத்தை நிரப்பாதீர்கள். மொத்த மணி நேரத்தை எழுதினால் போதும்.

பணியிடங்கள்: மாதம் விடாமல்

அண்மையது மேலே, பழையது கீழே. ஒவ்வொன்றுக்கும் மாதமும் ஆண்டும் வேண்டும். ‘2019–2020’ என்று மட்டும் எழுதினால் அது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இருபத்து நான்கு மாதமாகவும் இருக்கலாம்.

நாம் எடுத்துக்கொண்ட சர்ஜனின் வாழ்க்கையை வைத்தே பார்ப்போம். மார்ச் 2019இல் சி.ஆர்.ஆர்.ஐ. முடித்தார். ஏப்ரல் 2019 முதல் ஜனவரி 2020 வரை தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர். ஜூன் 2020இல் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். சேர்ந்து 2023 நடுவில் முடித்தார். ஆகஸ்ட் 2023 முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பாண்ட் பணி.

அவர் முதலில் எழுதிய சி.வி.யில் இது மூன்று வரி. எம்.எஸ். பகுதியில் “எஸ் 4 யூனிட், ஜி.ஹெச்.” என்று மட்டும் இருந்தது. அந்தக் கல்லூரியில் படித்தவருக்கு எஸ் 4 என்றால் எந்தச் சீஃப், எந்த நாளில் ஓ.பி., எந்த நாளில் தியேட்டர் என்று எல்லாம் தெரியும். கோவைக்காரருக்கு அது வெறும் எழுத்தும் எண்ணும். மருத்துவமனையின் அதிகாரப்பூர்வப் பெயர், பதவி, யூனிட்டில் எத்தனை படுக்கை, வாரத்தில் எத்தனை தியேட்டர் நாள், எமர்ஜென்சி டியூட்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை என இந்த நான்கைந்து விவரங்கள் வந்தால்தான் அது ஒரு பணியிடமாகத் தெரியும். “புறநோயாளிகளைப் பார்த்தேன், வார்டு ரவுண்ட்ஸ் போனேன்” என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். சர்ஜரி பி.ஜி. வேறென்ன செய்திருப்பார்?

சுழற்சிப் பணிகளைத் தனியாகக் காட்டுங்கள். யூராலஜி, பீடியாட்ரிக் சர்ஜரி, பிளாஸ்டிக், நியூரோ, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று போனவற்றை வாரக் கணக்கோடு ஒரே பத்தியில் எழுதலாம். மாவட்ட ரெசிடென்சி திட்டத்தின்கீழ் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போனவர்கள் அதற்கு ஒரு தனி வரி கொடுங்கள். சிறிய மருத்துவமனையில் குறைந்த வசதியோடு வேலை பார்த்தவர் என்று அது காட்டும். தனியார் மருத்துவமனைகளின் கிளைகளுக்கு ஆள் தேடும்போது இதைக் கவனித்துப் பார்க்கிறோம்.

இப்போது இந்த சர்ஜனின் காலக்கோட்டில் இருக்கும் இரண்டு இடறல்கள். ஒன்று, பிப்ரவரி முதல் மே 2020 வரை நான்கு மாதம் எந்த வேலையும் இல்லை. அவர் அதை மறைக்கப் பார்த்தார். தேனி வேலையை மே வரை நீட்டி எழுதியிருந்தார். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் ஜனவரி என்று இருக்கும்போது சி.வி.யில் மே என்று இருந்தால் அது பொய்ச் சான்று. “பி.ஜி. கலந்தாய்வுக்குக் காத்திருந்த காலம்” என்று எழுதினால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். நீட் பி.ஜி.க்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்காத டாக்டர் குழுவிலேயே குறைவு.

இரண்டாவது, கொரோனா. 2020இல் எம்.எஸ். சேர்ந்தவர்கள் முதல் வருடத்தின் பெரும்பகுதியைக் கோவிட் வார்டுகளில் கழித்தார்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் பல இடங்களில் நின்றுபோயிருந்தன. அந்த மாதங்களைத் தனி வரியாகக் காட்டுவது நல்லது. காட்டினால் இரண்டு விஷயங்கள் விளங்கும்: சிகிச்சை எண்ணிக்கை மற்ற வருடத்தவர்களைவிடக் குறைவாக இருப்பதன் காரணம், மூச்சுத்திணறும் நோயாளியைக் கையாண்ட அனுபவம். காட்டாமல் விட்டால் எண்ணிக்கை குறைவு மட்டும் தெரியும்.

பாண்ட் பணியில் இருப்பவர்கள் முடியும் தேதியையும் ரிலீவிங் ஆர்டர், அசல் சான்றிதழ்கள் எப்போது கையில் வரும் என்பதையும் எழுதுங்கள். அசல் இல்லாமல் சேர்ப்பதற்கு எந்த மருத்துவமனையும் யோசிக்கும்.

சிகிச்சை அட்டவணை: சி.வி.யின் எடை இங்கேதான்

அவருடைய முதல் சி.வி.யில் இருந்த ஒரு வரி: “65 லேப்ராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி செய்துள்ளேன்.”

65 லேப் கோலி என்றால் நல்ல எண். துறைத்தலைவர் கட்டாயம் அழைப்பார். நேர்முகத்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “தனியாக எத்தனை?” என்பதாகத்தான் இருக்கும். அங்கே பதில் மூன்று என்று வந்தால், அந்த மூன்றுக்கு உரிய மதிப்பும் போய்விடும். மற்ற எல்லா வரிகளையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குவார்.

பி.ஜி. லாக்புக்கிலேயே இதற்கு வழி இருக்கிறது. பார்த்தது, உடன் நின்று உதவியது, மூத்தவர் மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று ஒவ்வொரு கேஸுக்கும் உங்கள் பங்கைக் குறித்திருப்பீர்கள். சி.வி.யில் முதல் வகையை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் தனித்தனிப் பத்திகளாகக் காட்டுங்கள். மொத்தம் என்ற பத்தி வேண்டவே வேண்டாம்.

திருத்தியபின் அவருடைய அட்டவணையின் ஒரு பகுதி இப்படி ஆனது:

| சிகிச்சை | உதவி | மேற்பார்வையில் | தனியாக |
|---|---|---|---|
| இங்குவைனல் ஹெர்னியா, திறந்த முறை மெஷ் | 25 | 20 | 60 |
| லேப் அப்பென்டிசெக்டமி | 30 | 22 | 41 |
| டியோடினல் பெர்ஃபரேஷன், ஓமென்டல் பேட்ச் | 18 | 12 | 20 |
| டிரக்கியாஸ்டமி | 6 | 8 | 22 |
| லேப் கோலிசிஸ்டெக்டமி | 48 | 14 | 3 |
| ஹெமிதைராய்டெக்டமி | 15 | 4 | 0 |

அட்டவணைக்கு மேலே இரண்டு வரிகள் கட்டாயம். ஒன்று காலம்: “ஜூன் 2020 முதல் இன்றுவரை, லாக்புக், தியேட்டர் பதிவேட்டின்படி.” மற்றொன்று சொற்களின் பொருள். ‘தனியாக’ என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். மூத்தவர் கையுறை போடாமல் தியேட்டருக்குள் நின்றிருந்தால் அது தனியாகவா? தேநீர் அறையில் இருந்தால்? நான் பரிந்துரைக்கும் வரையறை இது: மேற்பார்வையில் என்றால் மூத்தவர் கைகழுவி உடன் நின்றார் அல்லது தியேட்டருக்குள் இருந்தார், தனியாக என்றால் கத்தி வைத்ததிலிருந்து தையல் போட்டதுவரை முடிவுகள் எல்லாம் உங்களுடையவை, மூத்தவர் தொலைபேசியில் கிடைக்கும் தூரத்தில் இருந்தார். வேறு வரையறை வைத்தாலும் சரி, அதை எழுதிவிடுங்கள்.

யூனிட்டில் ஒரே கேஸை மூன்று பி.ஜி.க்கள் அவரவர் லாக்புக்கில் ‘செய்தது’ என்று எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. போர்ட் போட்டவர் ஒருவர், டிசெக்ஷன் செய்தவர் ஒருவர், பையில் எடுத்தவர் ஒருவர். லேப் கோலியில் கேலட் முக்கோணத்தைப் பிரித்து, சிஸ்டிக் டக்டுக்கு கிளிப் போட்டவர்தான் அந்த ஆபரேஷனைச் செய்தவர். மற்றவர்கள் உதவி. அட்டவணை போடும்போது இந்த அளவுகோலை வைத்து லாக்புக்கை ஒருமுறை மறுபடி எண்ணுங்கள். எண்கள் சுருங்கும். சுருங்கிய எண்ணைத்தான் நீங்கள் நேர்முகத்தில் காப்பாற்ற முடியும்.

காப்பாற்றுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேப் கோலி என்று எழுதியிருந்தால் கேள்விகள் இப்படி வரும். கிரிட்டிக்கல் வியூ கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எத்தனை கேஸைத் திறந்த முறைக்கு மாற்றினீர்கள்? சப்டோட்டலில் நிறுத்தியதுண்டா? பித்தக் கசிவு வந்ததா, யார் சமாளித்தார்கள்? உண்மையில் செய்தவருக்கு இவற்றுக்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டியதில்லை. சிக்கலே வந்ததில்லை என்று ஒருவர் சொன்னால், கேஸ்கள் குறைவு அல்லது பின்தொடர்ந்து பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அட்டவணைக்குக் கீழே “லேப்பில் இருந்து திறந்த முறைக்கு மாற்றியவை: அப்பென்டிசெக்டமி 4” என்று ஒரு வரி போட்ட சி.வி. என் மேசைக்கு வந்தால் அதை மேலே எடுத்து வைப்பேன்.

பூஜ்ஜியத்தை ஏன் விட்டுவைத்தோம் என்று கேட்கலாம். தைராய்டு வரியை எடுத்துவிடலாம் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் 15 கேஸில் உதவி செய்து, நான்கை மேற்பார்வையில் செய்தவருக்கு ரெகரன்ட் லாரிஞ்சியல் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியும். அந்த மருத்துவமனையில் தைராய்டு அதிகம் செய்யும் மூத்தவர் இருந்தால், கூட நிற்க ஆள் தேடிக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் இன்னும் மேற்பார்வை வேண்டும் என்று தெரிந்தே சொல்லும் வரி அது.

எதை விடுவது? ஐ.வி. கேனுலா, ரைல்ஸ் டியூப், சிறுநீர்க் கதீட்டர், சி.ஆர்.ஆர்.ஐ. காலத்தில் பார்த்த சுகப்பிரசவங்கள். சர்ஜனின் சி.வி.யில் இவை இருந்தால், எழுதுவதற்கு வேறு இல்லையோ என்று தோன்றும். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்து டியூட்டி டாக்டர் வேலைக்குப் போகிறவருக்கு நிலைமை வேறு. அவருக்கு இன்டியூபேஷன், இன்டர்காஸ்டல் டிரெயின், சென்ட்ரல் லைன், காயத் தையல் ஆகியவற்றின் எண்ணிக்கைதான் வேலை வாங்கித் தரும். அதே மூன்று பத்தி அட்டவணையில் போடலாம். அவசரப் பிரிவில் தனியாக இருக்கும் இரவில் இன்டியூபேஷன் எத்தனை என்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு.

எண்டோஸ்கோப்பி, அல்ட்ராசவுண்ட் உதவியோடு சீழ் எடுத்தது, லேசர் மூல சிகிச்சை போன்ற சிறப்புத் திறன்களை அட்டவணையின் கீழே தனிக்குழுவாக வையுங்கள். எங்கே, யாரிடம் கற்றது என்று சேர்த்து எழுத வேண்டும். வார இறுதிப் பயிற்சிப் பட்டறையில் மாடலில் செய்தது ‘செய்தது’ ஆகாது.

இந்த எண்களுக்கு ஆதாரம் எது? எம்.எஸ். காலத்துக்குத் துறைத்தலைவர் கையெழுத்திட்ட லாக்புக் இருக்கிறது. பாண்ட் பணியில் லாக்புக் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் எழுதுவதும் இல்லை. இங்கேதான் பலருக்கு பாண்ட் கால அனுபவம் காகிதமில்லாமல் கரைந்துபோகிறது. தியேட்டர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். மருத்துவமனையை விட்டு வந்தபின் அதைப் பார்க்கக் கிடைக்காது. இப்போதே ஒரு விரிதாளில் தேதி, சிகிச்சை, உங்கள் பங்கு, முடிவு என்று நான்கு பத்தி போட்டு அன்றன்று எழுதிக்கொண்டு வாருங்கள். நோயாளியின் பெயரும் படமும் அதில் வேண்டாம். ரிலீவ் ஆவதற்கு முன் எண்ணிக்கைச் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து, தலைமை சர்ஜனிடமோ கண்காணிப்பாளரிடமோ தியேட்டர் பதிவேட்டோடு சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

வெளியீடுகள்: குறைவாக இருந்தால் குறைவாகவே

தனியார் மருத்துவமனையின் சர்ஜன் வேலைக்கு இது பெரிய பகுதி இல்லை. மருத்துவக் கல்லூரிக்கும் ஃபெலோஷிப்புக்கும் போகிறவர்கள் மட்டும் நீட்டலாம்.

வான்கூவர் முறையில் எழுதுங்கள்: ஆசிரியர்கள், கட்டுரைத் தலைப்பு, ஜர்னல், ஆண்டு, தொகுதி, பக்கம், கடைசியில் டி.ஓ.ஐ. எண். ஆசிரியர் வரிசை அச்சில் வந்தபடியே இருக்க வேண்டும். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டலாம், முன்னால் நகர்த்தக் கூடாது. ஆய்வுக் கட்டுரை, கேஸ் ரிப்போர்ட், மாநாட்டில் படித்தது மூன்றையும் ஒரே எண்வரிசையில் கலக்காதீர்கள். எட்டு வெளியீடு என்று தலைப்பிட்டு, உள்ளே ஆறு போஸ்டர் இருந்தால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

கல்லூரி வேலைக்கு இந்தப் பிரிப்பு இன்னும் முக்கியம். 2022இல் வந்த என்.எம்.சி. ஆசிரியர் தகுதி விதிகளில் ஆய்வுக் கட்டுரை, மெட்டா அனாலிசிஸ், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, கேஸ் சீரிஸ் ஆகியவை கணக்கில் வந்தன. ஒற்றைக் கேஸ் ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. மெட்லைன், ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. போன்ற அட்டவணைகளில் ஏறிய ஜர்னலாகவும் இருக்க வேண்டும். ஜர்னலின் முகப்பில் ‘இன்டெக்ஸ்டு’ என்று போட்டிருப்பதை நம்பாமல், அந்த அட்டவணையின் தளத்திலேயே ஜர்னல் பெயரைத் தேடிப் பாருங்கள். கூகுள் ஸ்காலரில் தெரிவது இன்டெக்ஸிங் ஆகாது. பணம் கட்டிய மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் அனுப்பிய ஜர்னல் என்றால் அந்தக் கட்டுரையை சி.வி.யில் போடாமல் விடுவதே உங்களுக்கு நல்லது.

நிலையைச் சரியாகச் சொல்லுங்கள். வெளியானது, ஏற்கப்பட்டது, அனுப்பியது என்று மூன்றும் வேறு வேறு. ‘அனுப்பியது’ என்றால் ஜர்னல் பெயர் வேண்டாம். திரும்பி வந்தால் சங்கடம். எம்.எஸ். ஆய்வேட்டின் தலைப்பு, வழிகாட்டி, பல்கலைக்கழகம், ஆண்டு என்று ஒரு வரி எல்லோருக்கும் உண்டு. நாம் பார்க்கும் சர்ஜனுக்கு ஒரு கேஸ் ரிப்போர்ட், ஆய்வேடு, மாநில மாநாட்டில் ஒரு போஸ்டர் என மூன்று வரிதான். மூன்று வரியாகவே விட்டோம்.

பயிற்சிகளும் பரிந்துரையாளர்களும்

பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். சான்றிதழ்கள் இரண்டு ஆண்டுகளுக்கும், ஏ.டி.எல்.எஸ். நான்கு ஆண்டுகளுக்கும் செல்லும். முடியும் மாதத்தைக் குறிப்பிடுங்கள். காலாவதியானதை ‘முடித்தது’ என்று எழுதாமல், புதுப்பித்துவிட்டு எழுதுங்கள். தொழில்சார் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கும் ஒரு வரி.

பரிந்துரைக்கு இரண்டு பேர் போதும். உங்கள் கையை நேரில் பார்த்த யூனிட் சீஃப் ஒருவர், இப்போதைய மருத்துவமனையில் ஒருவர். சீஃப்பிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அட்டவணையின் நகலையும் கொடுத்துவிடுங்கள். “சார், லேப் கோலி தனியா மூணுன்னு போட்டிருக்கேன், சரியா இருக்கும்ல?” என்று கேட்டுவிட்டால், தொலைபேசி வரும்போது அவர் சொல்வதும் உங்கள் சி.வி. சொல்வதும் ஒன்றாக இருக்கும்.

கோப்பை பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். பெயர், துறை, மாதம் தெரியும்படி `Name_GeneralSurgery_CV_2025-06.pdf` என்பதுபோலக் கோப்புக்குப் பெயர் வையுங்கள். சான்றிதழ்களைச் சி.வி.யில் வரும் அதே வரிசையில் தனியொரு பி.டி.எஃப். ஆகக் கோத்துத் தயாராக வைத்திருங்கள். கேட்டபின் அனுப்பினால் போதும்.

வேலை கிடைத்தபின் இன்னொரு படிவம் வரும். என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் ஒவ்வொரு டாக்டரும் எந்தெந்தச் சிகிச்சைகளைச் செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி தர வேண்டும். பிரிவிலேஜ் படிவம் என்பார்கள். அதை நிரப்பும்போது உங்கள் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘தனியாக’ பத்தியில் நல்ல எண் இருப்பவற்றுக்கு முழு அனுமதி கேளுங்கள். லேப் கோலி, தைராய்டு போன்றவற்றுக்கு மேற்பார்வையோடு என்று குறித்து, எத்தனை கேஸ் முடிந்தபின் மறுபரிசீலனை என்பதையும் துறைத்தலைவரிடம் பேசி அதிலேயே எழுதி வாங்குங்கள். கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அந்த மருத்துவமனையில் நீங்கள் கத்தி எடுக்கும் ஒவ்வொரு கேஸுக்கும் அதுதான் உங்கள் அதிகாரம், அடுத்த சி.வி.யின் அட்டவணைக்கு அது ஆதாரமும் கூட.